பெரும்பாலான பூக்களில் சூற்பை இல்லை: மலர்ப் படத்தில் பிழையா? (உதவி தேவை)

மொரப்பூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமைக்குள் அச்சிட வேண்டியிருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன். மகரந்தச்சேர்க்கை, கருவுறுதல், விதை பரவுதல் ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சித்தாளில் சேர்த்து, நடுவில் பாகங்கள் குறித்த மலரின் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். நேற்று மாணவர்கள் பூக்களைப் பிளந்து படத்தோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான பூக்களில் சூற்பையே இல்லை. இருந்த ஓரிரண்டிலும் அது அம்புக்குறி காட்டும் இடத்தில் இல்லை. படம் தவறா, அல்லது நாங்கள் பிளந்த முறை தவறா?

அரூர் மூத்தவர்:
எந்தப் பூ என்று கூறாமல் சூற்பையைக் காணவில்லை என்பது, எந்த ஊர் என்று கூறாமல் பேருந்து வரவில்லை என்பது போன்றது. முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் கூறுகிறேன். செம்பருத்தியை வைத்தே கற்பிக்க வேண்டும். அதில் எல்லாப் பாகங்களும் உள்ளன. இதை ஆசிரியர்கள் வகுப்புக்குச் செல்லும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

தளி விதைப்பண்ணை:
அம்மா, மூன்று விவரங்கள் வேண்டும். எந்தப் பூ, எத்தனை மணிக்குப் பறித்தது, பூவின் காம்போடு சேர்த்துப் பறித்தார்களா அல்லது இதழ்களை மட்டும் கிள்ளி எடுத்தார்களா? வகுப்பு எது என்பதையும் கூறினால் நல்லது.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
எங்கள் தோப்பிலும் இதே சிக்கல்தான். பெங்களூரா மரங்களில் பூ கொத்துக் கொத்தாக வருகிறது. ஆனால் பிஞ்சு நிற்பதில்லை, அனைத்தும் உதிர்ந்துவிடுகிறது. சூற்பை இல்லாத பூவாக இருக்குமோ? என்ன மருந்து தெளிக்கலாம்?

காரிமங்கலம் இளைஞர்:
இதற்குக் காரணம் தேனீக்கள் குறைந்ததுதான். தக்காளிக்கு வாரம் ஒரு முறை மருந்து அடிக்கிறார்கள். தேனீ எங்கிருந்து வரும்? தேனீ வராவிட்டால் மகரந்தச்சேர்க்கை நடக்காது, அது நடக்காவிட்டால் சூற்பை உருவாகாது. படத்தில் பிழை இல்லை, வயலில்தான் பிழை.

மொரப்பூர் ஆசிரியை:
மன்னிக்கவும், கூற மறந்துவிட்டேன். ஏழாம் வகுப்பு. ஒரு மாணவன் தன் தந்தையின் கொடியிலிருந்து ஒரு பை நிறையப் பரங்கிப் பூ கொண்டுவந்தான், அதையே எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். மொத்தம் 28 பூக்கள். 26-இல் சூற்பை இல்லை. பிளந்தது பதினொன்றரை மணிக்கு. அப்போதே பூக்கள் சுருங்கியிருந்தன. படம் பழைய தாளிலிருந்து எடுத்தது. எந்தப் பூ என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தளி விதைப்பண்ணை:
இப்போது புரிகிறது. உங்கள் 26 பூக்களும் ஆண் பூக்கள். அவற்றில் சூற்பை இருக்கவே இருக்காது. பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். ஆண் பூக்கள் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அதிகமாக இருக்கும். வீட்டில் பறிக்கச் சொன்னாலும் ஆண் பூவைத்தான் பறிப்பார்கள். பெண் பூவைப் பறித்தால் காய் போய்விடும் என்று அந்த மாணவனின் தந்தைக்குத் தெரியும்.

மீதி இரண்டு பூக்களில் சூற்பை வேறிடத்தில் இருந்ததற்கும் காரணம் உண்டு. பரங்கிப் பெண் பூவின் சூற்பை இதழ்களுக்குக் கீழே, காம்பின் தலைப்பில், சிறு காயைப் போலப் பருத்திருக்கும். உங்கள் படமோ, நீங்கள் கூறுவதை வைத்துப் பார்த்தால், செம்பருத்தியைப் போல இதழ்களுக்கு உள்ளே சூற்பை உள்ள பூவின் படம். இரண்டும் சரியே, ஆனால் ஒரு படத்தை மற்றொரு பூவோடு ஒப்பிட முடியாது. ஆகவே படத்தின் கீழே பூவின் பெயரை எழுதுவதுதான் முதல் திருத்தம்.

காரிமங்கலம் நண்பருக்கு: தேனீ குறைந்தால் காய் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் சூற்பை மொட்டிலேயே உருவாகிவிடுகிறது. மகரந்தம் வராத பரங்கிப் பிஞ்சு சில நாட்களில் மஞ்சளாகி வாடி உதிரும். சூற்பை இருந்தால்தானே வாட முடியும்?

அரூர் மூத்தவர்:
இதைத்தான் நான் முதலிலேயே செம்பருத்தி என்று ஒரே சொல்லில் கூறினேன்.

தளி விதைப்பண்ணை:
ஐயா, படத்தின் முதற்பகுதிக்குச் செம்பருத்தி போதும். ஆனால் வீட்டுத் தோட்டங்களில் உள்ள செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதில்லை. அடுக்குச் செம்பருத்தியிலோ மகரந்தத்தாள்கள் பல இதழ்களாகவே மாறியிருக்கும். அதே தாளில் கருவுறுதலையும் விதையையும் கேட்டால், மாணவன் செடியில் காயைத் தேடி ஏமாந்துவிடுவான். அதே குடும்பத்தில் வெண்டை இருக்கிறது. இன்று பூ, நாளை பிஞ்சு, சில வாரங்களில் உலர்ந்த காய் என்று மூன்று பகுதிகளையும் ஒரே செடியில் பார்க்கலாம்.

வெண்டைப் பூ காலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும். ஆகவே முதல் பாடவேளையிலேயே பிளந்துவிடுங்கள். பிளேடால் காம்பிலிருந்து மேல்நோக்கி நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளேடு உங்கள் கையிலேயே இருக்கட்டும். நடுவில் மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து ஒரு குழலாக நிற்கும். அந்தக் குழலின் உள்ளே சூலகத் தண்டு ஏறி, உச்சியில் கருஞ்சிவப்பான சூலகமுடியாக வெளிவரும். குழலின் அடியில் பச்சையாக, பிஞ்சு வெண்டை வடிவத்திலேயே சூற்பை இருக்கும். அதில் வரிசையாக அடுக்கிய வெண்ணிறச் சூல்கள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஒரு குறையையும் கூறிவிடுகிறேன். வெண்டையின் புல்லி வட்டம் ஐந்து தனித்தனி இதழ்களாக இராது. உறை போல மூடியிருந்து ஒரு பக்கமாகக் கிழியும். அதற்கும் கீழே மெல்லிய நார் போன்ற செதில்கள் பல இருக்கும். மாணவர்கள் அவற்றைப் புல்லி இதழ்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். படத்தில் அந்தச் செதில்களை வரைந்து, அவற்றுக்கு அம்புக்குறி இடாமல் விட்டுவிடுங்கள்.

காரிமங்கலம் இளைஞர்:
வெண்டைக்குத் தேனீயே தேவையில்லை, அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பிறகு தேனீ படத்தைத் தாளில் எதற்கு வைக்க வேண்டும்?

தளி விதைப்பண்ணை:
பாதி சரி. தன் மகரந்தத்தால் காய்க்கும். ஆனால் தேனீக்கள் வருவதால் அயல் மகரந்தமும் சேர்கிறது. அதனால்தான் விதைக்காக வெண்டை பயிரிடும்போது வேறு ரக வெண்டையைத் தள்ளி வைக்கச் சொல்கிறோம். இதை மாணவர்களே சோதிக்கலாம். மறுநாள் விரியவிருக்கும் மொட்டுகளை முந்தைய மாலையில் துணிப்பையால் மூடி, காம்போடு நூலால் கட்டுங்கள். வெண்டையில் இரண்டு, பரங்கிப் பெண் மொட்டில் இரண்டு போதும். காலையில் ஒரு பரங்கியின் பையை மட்டும் அவிழ்த்து, புதிதாக விரிந்த ஆண் பூவின் இதழ்களை நீக்கி, நடுத்தண்டைச் சூலகமுடியின் எல்லா மடல்களிலும் தடவிவிட்டு, மீண்டும் கட்டிவிடுங்கள். ஒன்பது மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். பூ மூடிய பின் தடவுவது வீண்.

மொரப்பூர் ஆசிரியை:
நன்றி ஐயா. கருவுறுதல் பகுதியில் மாணவர்கள் பலர் "மகரந்தம் குழாய் வழியாகச் சூற்பைக்குள் விழுகிறது" என்று எழுதுகிறார்கள். இதை மதிப்பெண் கொடுத்து விட்டுவிடலாமா?

அரூர் மூத்தவர்:
விடக் கூடாது. மகரந்தச்சேர்க்கைக்கும் கருவுறுதலுக்கும் வேறுபாடு தெரியாமல் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரட்டைக் கருவுறுதலையும் சேர்த்துக் கற்பியுங்கள். 1898-இல் நவாஷின் கண்டறிந்ததை இன்னும் எத்தனை காலம் மறைத்து வைப்பீர்கள்?

தளி விதைப்பண்ணை:
ஏழாம் வகுப்புக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் "விழுகிறது" என்ற சொல்லைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். மகரந்தத்தூள் சூலகமுடியிலேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்று முளைத்து, சூலகத் தண்டின் திசுவுக்குள் வளர்ந்து இறங்கி, ஒரு சூலை அடைகிறது. ஒரு சூலுக்கு ஒரு குழல் வேண்டும். இதை ஒரு கேள்வியாகவே வைக்கலாம்: ஒரு முற்றிய வெண்டையைப் பிளந்து விதைகளை எண்ணுக, நாற்பது இருந்தால், குறைந்தது எத்தனை மகரந்தத்தூள்கள் முளைத்திருக்க வேண்டும்? விடை நாற்பது என்று தானே கண்டுபிடித்தவன் பிறகு "விழுகிறது" என்று எழுதமாட்டான்.

அரூர் மூத்தவர்:
எளிமை என்ற பெயரில் பாதியை மறைப்பதை நான் ஏற்கவில்லை. தேங்காயின் பருப்பும் இளநீரும் எப்படி உருவாகின்றன என்று மாணவன் கேட்டால் என்ன கூறுவீர்கள்?

தளி விதைப்பண்ணை:
கேட்கும் மாணவனுக்கு நிச்சயம் கூறுவேன், ஐயா. அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்கமாட்டேன்.

பென்னாகரம் வாசகி:
விதை பரவுதல் பகுதியில் வெண்டை உதவுமா? உலர்ந்த வெண்டை விளிம்புகளில் பிளந்து நிற்கிறதே தவிர, விதைகள் செடியின் அடியிலேயே கொட்டுகின்றன. வெடித்துச் சிதறுவதற்குக் காசித்தும்பையே சரி. முற்றிய காயைத் தொட்டாலே தெறிக்கும். எங்கள் பக்கத்துப் புன்செய்களில் நெருஞ்சிக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் பூவில் ஐந்து இதழ்களும் பத்து மகரந்தத்தாள்களும் இருக்கும். காய் முள்ளுள்ள துண்டுகளாக உடைந்து செருப்பில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் போகும். பூ சிறியது என்பதால் கைக்கண்ணாடி வேண்டும். முள்ளை ஆராயக் காலை நீட்டாமல் இருந்தால் சரி.

தளி விதைப்பண்ணை:
நல்ல திருத்தம். வெண்டையைப் "பிளந்து விதை உதிரும் காய்" என்று மட்டும் எழுதி, பரவுதலுக்கு நெருஞ்சியையும் காசித்தும்பையையும் வைத்துக்கொள்ளலாம்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
என் கேள்வியை யாரும் கவனிக்கவில்லையே.

தளி விதைப்பண்ணை:
மன்னியுங்கள். மாவின் ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். ஆண் பூ எப்படியும் உதிரும், இருபால் பூக்களிலும் மிகச் சிலவே காயாகும். ஆகவே பூ உதிர்வது மட்டும் நோய் அல்ல. நன்றாக விரிந்த பூவின் மேல் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். மாவுக்கு மகரந்தம் கொண்டுவரும் ஈக்களும் அதில் சாகும். பிஞ்சு கடலை அளவு வந்தபின் உதிர்கிறதா, பூவாகவே உதிர்கிறதா என்று பார்த்துத் தனி இழையில் எழுதுங்கள்.

மொரப்பூர் ஆசிரியை (பதினொரு நாட்களுக்குப் பின்):
தாளை வெண்டைப் படத்தோடு அச்சிட்டுவிட்டோம். பையிட்ட வெண்டை இரண்டும் காய்த்தன. பையிட்டு விட்டுவிட்ட பரங்கிப் பிஞ்சு ஆறாம் நாள் மஞ்சளாகி உதிர்ந்தது. மகரந்தம் தடவியது முட்டை அளவு வளர்ந்த பிறகு அதுவும் உதிர்ந்துவிட்டது. இடையில் ஒரு நாள் பலத்த மழை பெய்தது. ஏன் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

காரிமங்கலம் இளைஞர்:
மருந்துதான் காரணம்.

தளி விதைப்பண்ணை:
முட்டை அளவு வளர்ந்தது என்றால் மகரந்தம் ஓரளவாவது சேர்ந்திருக்க வேண்டும். உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து பார்த்தீர்களா? உள்ளே விதைகள் எல்லாப் பக்கமும் பருத்திருந்தனவா, ஒரு பக்கம் மட்டுமா? ஈரமான பை காயைத் தொட்டுக்கொண்டே இருந்ததா என்பதையும் கூறுங்கள்.