இரண்டு நாள் செயலமர்வு: பலகையில் ஏற்றிய மாடல் எல்லா இலைக்கும் ஒரே விடை தருகிறது

கொட்டகலை விரிவுரையாளர்
வணக்கம். தேயிலை இலையின் கொப்புள நோயை அடையாளம் காணும் சிறிய மாடல் ஒன்றை மாணவர்களே பயிற்றுவித்து ESP32-CAM பலகையில் இயக்கும் செயலமர்வுக்குப் பாடத்திட்டம் எழுதுகிறேன். முதல் நாள் கைப்பேசியால் இலைகளைப் படமெடுத்துப் பயிற்றுவிப்பது, இரண்டாம் நாள் மாடலை int8 ஆக மாற்றிப் பலகையில் ஏற்றுவது என்று வகுத்திருந்தேன். ஒத்திகையில், மடிக்கணினியில் நன்றாக வேலை செய்த மாடல் பலகையில் எந்த இலையைக் காட்டினாலும் "நோயற்றது" என்கிறது. காரணத்தை எப்படித் தேடுவது? அதற்கு எந்த நாளில் நேரம் ஒதுக்குவது?

பதுளை மாணவர்
மாடலுக்கு ஒதுக்கிய நினைவகம் போதாமல் இருக்கலாம், ஐயா. `kTensorArenaSize` மதிப்பைக் கூட்டிப் பாருங்கள்.

ஹட்டன் வாசகர்
எனது பலகை கமரா தொடங்கியதும் `Brownout detector was triggered` என்று காட்டி மீண்டும் மீண்டும் தொடங்கியது. குட்டையான கேபிளும் வலுவான 5 வோல்ட் மின்வழங்கியும் வைத்த பின்னரே அது நின்றது.

நுவரெலியா பொறியாளர்
நினைவகம் போதாவிட்டால் `AllocateTensors()` பிழையைத் திருப்பித் தரும். அதைச் சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் உங்கள் பலகை விடை சொல்கிறது. ஆகவே கமராவைச் சற்று விலக்கிவிட்டு, 96×96 அளவுள்ள ஒரே சாம்பல்நிறப் படத்தை 9216 எண்களாக நிரலுக்குள் வைத்து, பலகையின் விடையை மடிக்கணினியில் அதே `.tflite` கோப்பு தரும் விடையுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்தால் பிழை கமராப் படத்தில் இருக்கிறது. ஒவ்வாவிட்டால் முதலில் உள்ளீட்டைத் தயாரிக்கும் வரியைப் பாருங்கள்.

பிக்சல்களை 255 ஆல் வகுத்துப் பயிற்றுவித்த மாடலின் உள்ளீட்டுக்கு வழக்கமாக அளவுகோல் 1/255 ஆகவும் பூச்சியப்புள்ளி −128 ஆகவும் அமையும். அப்போது 200 என்ற பிக்சல் 72 ஆக நுழைய வேண்டும். 128 ஐக் கழிக்காமல் அப்படியே நகலெடுத்தால் அது −56 ஆகிவிடும், அதாவது மாடலுக்கு 72 என்ற இருண்ட பிக்சலாகத் தெரியும். 50 என்ற இருண்ட பிக்சலோ 178 ஆக வெளிறிவிடும்.

```c
in->data.int8[i] = (int8_t)((int)fb->buf[i] - 128);
```

பாடத்திட்டத்தில் நான் வலியுறுத்துவது வரிசை மாற்றத்தையே. முதல் நாள் காலையிலேயே, முன்பே பயிற்றுவித்த ஒரு மாடலைப் பலகையில் ஏற்றி இந்த ஒப்பீட்டைச் செய்து முடியுங்கள். பிறகு பயிற்சிப் படங்களைக் கைப்பேசியால் அல்லாமல் அதே பலகையின் கமராவால் எடுக்கச் செய்யுங்கள். இரண்டாம் நாள் மாணவர்கள் தங்கள் மாடலை ஏற்றும்போது, உள்ளீட்டு வரி சரியென்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஹட்டன் நண்பர் சொன்ன மின்வழங்கிகளையும் முதல் நாள் காலையே சோதித்துவிடலாம்.

கொட்டகலை விரிவுரையாளர்
மிக்க நன்றி. ஒப்பீட்டில் விடைகள் ஒவ்வவில்லை. எடுத்தாண்ட நிரலில் கழித்தல் இருக்கவில்லை. இப்போது இரு வகைகளும் பிரிகின்றன. ஆயினும் மழையில் நனைந்த நல்ல இலைகளை, நீர்த்துளியின் மினுக்கத்தாலோ என்னவோ, நோயுற்றவை என்கிறது. நோயின் தொடக்கப் புள்ளி வெளிர்மஞ்சளாக இருப்பதால் சாம்பல்நிறத்தை விட்டு வண்ணத்துக்கு மாறலாமா?

நுவரெலியா பொறியாளர்
வண்ணம் உதவக்கூடும், ஆனால் உள்ளீடு மும்மடங்காகும். RGB565 ஐப் பிரித்தெடுக்கும் வரியும் இன்னொரு பிழைக்கு இடமாகும். முதலில் நனைந்த நல்ல இலைகளையும் பயிற்சிப் படங்களில் சேர்த்துப் பாருங்கள். அது மட்டும் போதுமா என்பதைப் படங்களைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.