கலைச்சொல் தேவை: பகுப்பாய்வுக்கு முன்னால் செய்வதற்கு என்ன பெயர்?

பூங்குழலி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆய்வகக் கையேடு ஒன்றுக்குச் சொல்லடைவு தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். மாணவர் ஒருவர் அனுப்பியதை அப்படியே ஒட்டுகிறேன்.

```
40    25.7
60    31.4
80    34.3
100   40.3
120   44.2
```

இதன் கீழே ஒரே ஒரு சொல்: "பகுப்பாய்க". தலைப்பு இல்லை, அலகு இல்லை, என்ன சோதனை என்ற குறிப்புகூட இல்லை. கேட்டபோது "தனி ஊசல், 20 அலைவுகள்" என்று மட்டும் பதில் வந்தது.

நாம் உடனே கணக்கில் இறங்குவதில்லை. இவை எதன் எண்கள், என்ன அலகு, ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று ஒரு பார்வை பார்க்கிறோம். 'சானிட்டி செக்' என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம். எழுத்தில் அதற்கு என்ன சொல்? ஒரு வரைவில் 'மனநலச் சோதனை' என்று இருந்தது. மாணவரின் மனநலமா ஆசிரியரின் மனநலமா என்று தெரியவில்லை. 'முன்சரிபார்ப்பு' என்று மாற்றினேன். அதில் விண்ணப்பப் படிவத்தின் வாடை அடிக்கிறது.

தணிகைவேள்:

அம்மா, 'பகுப்பாய்க' என்பதே பிழை. 'பகுப்பாய்வு செய்க' அல்லது 'பகுத்தாய்க' என்றிருக்க வேண்டும். பகுத்தலும் ஆய்தலும் இரண்டு வினைகள். 'பகுப்பு' என்ற பெயரோடு 'ஆய்க' என்ற ஏவலை ஒட்டினால் பொருள் திரிகிறது. என் பரிந்துரை 'பகுத்தாய்க'.

பூங்குழலி:

நன்றி ஐயா, குறித்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது பகுத்தாய்வதற்கு முந்தைய வேலைக்கான பெயர்.

செழியன்:

தனிப்பெயர் தேவையா என்றே ஐயமாக இருக்கிறது. நீளங்களை மீட்டருக்கு மாற்றினேன், நேரங்களை 20ஆல் வகுத்தேன், ஐந்துக்கும் தனித்தனியே புவியீர்ப்பு முடுக்கம் g கண்டு சராசரி எடுத்தேன். 9.87 வருகிறது. உண்மை மதிப்பு 9.8ஐ ஒட்டியது. விடை சரியாக வந்தால் அலகும் சரி, அளவீடும் சரி என்றுதானே பொருள்? 'விடைச் சோதனை' என்று வைத்துக்கொள்ளலாம்.

நாச்சியார்:

செழியன், அந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். வரிசையாக ஐந்து மதிப்புகளும் இவை: 9.56, 9.61, 10.74, 9.72, 9.70. ஒன்றுகூட 9.87க்கு அருகில் இல்லை. நான்கு கீழே கிடக்கின்றன, ஒன்று எங்கோ மேலே நிற்கிறது. சராசரி அவற்றை ஒன்றாகக் கலந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டது. அந்த 10.74ஐ விலக்கினால் சராசரி 9.65 ஆகிறது. கெட்ட அளவீட்டை நீக்கியதும் விடை இன்னும் கெட்டுப்போகிறது. அப்படியென்றால் மிச்சமுள்ள நான்கிலும் வேறொரு குறை ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்த 80ஐப் பார்ப்போம். மற்ற நான்கு புள்ளிகளுக்கும் அலைவு நேரத்தின் வர்க்கமான T²ஐ நீளத்துக்கு எதிரே குறித்த வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு வரைந்தால், 80 செ.மீ.க்கு ஓர் அலைவுக்கு 1.81 வினாடி வர வேண்டும். 20 அலைவுக்கு 36.1 வினாடி. மாணவர் எழுதியிருப்பது 34.3. குறைவது 1.8 வினாடி, அதாவது சரியாக ஓர் அலைவு. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் "இருபது" என்று சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். ஆய்வகத்தில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். எல்லா வரிசையிலும் இப்படியே எண்ணியிருந்தால் g மொத்தமாக 10.8 பக்கம் போயிருக்கும். ஒரு வரிசையில் மட்டும் நடந்ததால்தான் கண்ணில் படுகிறது.

இனி மற்ற நான்கு. g நீளத்தோடு சேர்ந்து ஏறுவதைக் கவனியுங்கள்: குட்டையான ஊசல்களில் 9.56, 9.61, நீளமானவற்றில் 9.72, 9.70. நிறுத்துகடிகாரத்தில் கை பிந்துவது ஒரு தடவை கூட்டும், ஒரு தடவை குறைக்கும். இப்படி ஒரே பக்கமாகச் சரிந்து நிற்காது. நீளத்தில் மாறாத ஒரு தொகை விடுபட்டால் இப்படித்தான் ஆகும். 1 செ.மீ. விடுபட்டது என்று வையுங்கள். 40இல் அது இரண்டரை விழுக்காடு, 120இல் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.

கோட்டின் சாய்வு மீட்டருக்கு 4.03 என்று வருகிறது. அதிலிருந்து g 9.79. கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் T² அச்சில் 0.041இல் வெட்டுகிறது. அதைச் சாய்வால் வகுத்தால் 0.010 மீட்டர், அதாவது 1 செ.மீ. மாணவர் நூலைக் குண்டின் மேற்புறம் வரை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சாய்வுக்கு அந்தத் தவறு தெரியாது. வெட்டுத்துண்டு அதை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் g கண்டு சராசரி எடுப்பவர்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை.

'விடைச் சோதனை' என்ற சொல்லை ஏற்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே மாணவர் 20க்குப் பதில் 10 அலைவுகள் எடுத்திருந்து, வகுக்க மறந்து, செ.மீ.யை மீட்டர் என்றே சூத்திரத்தில் இட்டிருந்தால் என்ன வரும்? நீளம் நூறு மடங்கு கூடும், T² நூறு மடங்கு கூடும், இரண்டும் அடிபட்டு g சரியாக 9.8 பக்கமே வந்து நிற்கும். இரண்டு தவறும் சேர்ந்து முழு மதிப்பெண் வாங்கும். எண்கள் தமக்குள் ஒத்துப்போகும், ஏட்டு மதிப்போடும் ஒத்துப்போகும். காட்டிக்கொடுப்பது ஒன்றுதான்: 40 மீட்டர் நூல் எந்தக் கூரையில் தொங்குகிறது என்ற கேள்வி. அலகைப் பார்ப்பது என்றால் பொருளைக் கண்முன் நிறுத்திப் பார்ப்பது.

ஆகவே 'அளவு மெய்ப்பு' என்று முன்மொழிகிறேன். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை மெய்ப்புப் பார்ப்பதுபோல, கணக்குக்குப் போகும் முன் அளவீட்டைப் பார்ப்பது.

யாழினி:

என் அனுபவம் ஒன்று. மின்தடை காணும் சோதனையில் ஒரு மாணவி அனுப்பிய முதல் வரிசை 1.5, 30. அவளும் "பகுப்பாய்வு செய்யுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தாள். வகுத்து 0.05 ஓம் என்று பதில் அனுப்பிவிட்டேன். கம்பித்துண்டுக்கு அவ்வளவு இருக்கலாம், அவளிடம் இருந்ததோ ஒரு மின்தடையம். மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் இருந்தது. விடை 50 ஓம். மின்கலத்திலிருந்து 30 ஆம்பியரா என்று ஒரு நொடி நின்றிருந்தால் போதும்.

சொல்லைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஒரு கேள்வி மட்டும்: அந்த 80 வரிசையை அழித்துவிடலாமா, 19ஆல் வகுத்துத் திருத்திக்கொள்ளலாமா?

செழியன்:

சராசரி ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறேன். 10 அலைவுக் கணக்கை நேற்றிரவு எழுதிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை, ஆனால் அப்படியே வருகிறது.

ஆனால் நாச்சியார் அம்மா அந்த 1 செ.மீ.யில் கொஞ்சம் அவசரப்படுகிறார். நான்கே புள்ளிகள். வெட்டுத்துண்டின் பிழையைக் கணக்கிட்டேன்: 0.041இல் ஏறத்தாழ 0.014. நீளத்தில் சொன்னால் 0.7இலிருந்து 1.4 செ.மீ. வரை எங்கும் இருக்கலாம். கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிந்தி நிறுத்துகிற பழக்கம் இருந்தாலும் கோடு மேலே தூக்கும். புள்ளிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியுமா?

'மெய்ப்பு' பற்றி: மெய்ப்பு என்றாலே திருத்தம்தான் நினைவுக்கு வருகிறது. யாழினி கேட்ட கேள்வியே அதற்குச் சான்று. அளவீட்டைத் திருத்தலாம் என்று மாணவர் நினைத்துவிட்டால் ஆபத்து.

நாச்சியார்:

வெட்டுத்துண்டு பற்றி நீங்கள் சொல்வது சரி. 'ஊகம்' என்றுதான் எழுதினேன், ஆனாலும் குரலில் உறுதி கூடிவிட்டது. புள்ளிகளைக் கொண்டு பிரிக்க முடியாது. வெர்னியரால் குண்டின் விட்டத்தை அளந்தால் பெருமளவு தெளிவாகிவிடும்.

யாழினிக்கு: அழிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். வரிசை அட்டவணையில் அப்படியே நிற்கட்டும். வட்டமிட்டு, "கோட்டிலிருந்து ஓர் அலைவு அளவு விலகுகிறது, எண்ணிக்கைப் பிழையாக இருக்கலாம், கணக்கில் சேர்க்கவில்லை" என்று பக்கத்தில் எழுதி, 80ஐ மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 19ஆல் வகுத்தால் 9.69 வந்து அழகாகப் பொருந்துகிறது. அந்த அழகுதான் எனக்குப் பயம். பொருந்தும் எண்ணைத் தேடி வகுத்துவிட்டு, பொருந்துகிறது என்று மகிழ்வது அளவீடு ஆகாது.

தணிகைவேள்:

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருந்துகிறேன். இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது.

மெய்ப்புப் பார்த்தல் வேறு, மெய்ப்புத் திருத்தம் வேறு. நான் பல ஆண்டுகள் அச்சகத்தில் இருந்தவன். ஆசிரியரின் கருத்தில் ஐயம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி இடுவோம். வரியில் கை வைக்க மாட்டோம். நாச்சியார் அம்மா 80ஆம் வரிசைக்குச் செய்யச் சொல்வதும் அதேதான். ஆனால் இந்த வேறுபாடு அச்சகத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது நியாயமான கேள்வி.

இன்னொரு சொல்லும் எண்ணிப் பார்க்கலாம். பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள். உரைப்பதால் பொன்னின் மாற்று மாறுவதில்லை, தெரியவருகிறது. 'உரைசோதனை' என்றால் திருத்தும் எண்ணம் வராது. குறை என்னவென்றால், 'உரை' என்றதும் பேச்சும் விளக்கவுரையும் முன்னே வந்து நிற்கும். வாய்மொழித் தேர்வோ என்று மாணவர் அஞ்சக்கூடும்.

செழியன்:

உரைசோதனை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் வினையாக்கிப் பாருங்கள். "மெய்ப்புப் பார்த்த அளவீடுகள்" இயல்பாக வருகிறது. "உரைசோதித்த அளவீடுகள்" நாக்கில் உருளவில்லை. "உரைத்துப் பார்த்த அளவீடுகள்" என்றால் பரவாயில்லை.

பூங்குழலி:

மாணவரிடம் கேட்டேன். குண்டின் விட்டம் 2.1 செ.மீ.; நூலைக் கொக்கி வரைதான் அளந்தாராம், கொக்கியின் உயரத்தை அளக்கவில்லை. 80 செ.மீ.க்கு எப்படி எண்ணினார் என்பது நினைவில்லை. அந்த வரிசையை மறுபடி எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை குண்டை விடும்போது "சுழி" என்று தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

கையேட்டின் வரைவில் இப்போதைக்கு 'அளவு மெய்ப்பு' என்று இட்டு, எதிரே 'உரைசோதனை' என்று எழுதி வைக்கிறேன். தணிகைவேள் ஐயா, 'பகுத்தாய்க' என்று மாற்றிவிட்டேன். அதன் கீழே மாணவர் நிரப்ப மூன்று வெற்றிடங்களும் விட்டிருக்கிறேன்: எந்த நிரல் எந்த அலகு, எத்தனை அலைவுகள், நீளம் எதிலிருந்து எதுவரை. அந்த மூன்றாவதை 'நீள எல்லை' என்று அழைக்கலாமா, அல்லது அதற்கும் தனியே ஒரு மடல் எழுத வேண்டுமா?