பம்பு படத்தில் ஏழாம் நம்பர் என்ன?

மன்னார்குடி விவசாயி
வடிகாலில் இருந்து வயலுக்கு இறைக்கும் ஆயில் இன்ஜின் பம்பைப் பிரிக்க வேண்டும். கூட வந்த புத்தகத்தில் பம்பின் வெட்டுப் படம் நம்பர்களோடு இருக்கிறது, ஆனால் பெயர்கள் இருந்த பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. போனில் படம் எடுத்து, எனக்குத் தெரிந்த அளவில் எழுதினேன்:

1. காஸிங்: இம்பெல்லர் வீசும் தண்ணீரை வாங்கி, வேகத்தை அழுத்தமாக்கி டெலிவரி குழாய்க்கு அனுப்பும்.
2. இம்பெல்லர்: சுழன்று தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்கு வீசும்.
3. (காணவில்லை)
4. ஷாஃப்ட்: இன்ஜினின் சுற்றை இம்பெல்லருக்குக் கொண்டுபோகும்.
5. இதுவும் ஷாஃப்டா?
6. பேக்கிங் கயிறு: ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் வெளியே வராமல் அடைக்கும்.
7. கயிறுகளுக்கு நடுவில் ஒரு வளையம். தெரியவில்லை.
8. கிளாண்டு: கயிற்றை அழுத்திப் பிடிக்கும். ஆனால் இம்பெல்லர் வாய் பக்கமும் ஒரு 8 இருக்கிறது.
9. பேரிங்: ஷாஃப்டைத் தாங்கும்.
10. மேலே கிண்ணம் மாதிரி ஒன்று.

திருவாரூர், உதிரிபாகக் கடை
கோடு எங்கே போய் முட்டுகிறதோ அதுதான் பாகம், இதில் என்ன குழப்பம்? ஏழு சும்மா வாஷர்தான் அண்ணே. கயிறு பற்றாமல் போனால் இடத்தை நிரப்பப் போடுவது. அதை எடுத்துவிட்டு இன்னொரு சுற்று கயிறு வைத்துத் தள்ளுங்கள்.

கும்பகோணம், பட்டறையில் வரைபடம் போட்டவர்
கோட்டின் நுனியையும் பார்க்க வேண்டும் தம்பி. நுனியில் புள்ளி இருந்தால், அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கும் பரப்பு எந்தப் பாகமோ அதைக் காட்டுகிறது. அம்பு இருந்தால், அது தொடும் விளிம்பு எந்தப் பாகத்தினுடையதோ அது. வழியில் இன்னும் நாலு பாகத்தைத் தாண்டிப் போவதால்தான் குழப்பமே.

அப்புறம் சாய்கோடுகள். வெட்டுப்பட்ட பாகத்துக்குள்தான் சாய்கோடு போடுவோம். ஒட்டியிருக்கும் இரண்டு பாகங்களுக்குக் கோட்டின் சாய்வையோ இடைவெளியையோ மாற்றுவோம். ஷாஃப்ட், போல்ட், சாவி இவற்றை நீளவாக்கில் வெட்டிக் காட்டுவதில்லை, அதனால் உள்ளே கோடு இருக்காது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 4 போகும் இடம் வெறுமையாக இருக்கிறது, அது ஷாஃப்ட். அதன் மேலே மெல்லிய பட்டையாகச் சாய்கோடு இருக்கிறதே, 5 அங்கே நிற்கிறது. அது ஸ்லீவ். கயிறு உரசித் தேய்வதை ஷாஃப்டுக்குப் பதிலாக அது வாங்கிக்கொள்ளும்.

எட்டு இரண்டு இடத்தில் இருப்பது சந்தேகப்பட வேண்டியதுதான். ஒரே பாகம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒரே நம்பர் இரண்டு முறை வரும், பேரிங்கைப் போல. இங்கே இரண்டும் வேறு பாகங்கள், சாய்கோடும் வேறு. மூன்றைக் காணோம் என்கிறீர்கள். அப்படியானால் இம்பெல்லர் வாய் பக்கம் இருப்பது மங்கிப்போன 3, வேர் ரிங். அழுத்தம் ஏறிய தண்ணீர் சக்‌ஷன் பக்கம் திரும்பக் கசிவதை அது குறைக்கும்.

ஏழு வாஷர் இல்லை. அதற்கு நேர் மேலே காஸிங்கிலிருந்து சின்னத் துளை வருவதைப் பாருங்கள். அது லேண்டர்ன் ரிங். அழுத்தத் தண்ணீர் அந்தத் துளை வழியே வந்து வளையத்தைச் சுற்றி நின்று, கிளாண்டு வழியாகக் காற்று உள்ளே போகாமல் தடுக்கும். அதன் இடத்தில் கயிற்றை வைத்தால் துளை அடைபடும். வளையத்தைத் திரும்பப் போடும்போதும் துளைக்கு நேராக வர வேண்டும். முன்னால் எத்தனை சுற்று, பின்னால் எத்தனை சுற்று கயிறு இருந்தது என்று பிரிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர், உதிரிபாகக் கடை
ஓ, காற்று எடுத்து தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்று வருபவர்களுக்கெல்லாம் நான் ஃபுட்வால்வுதான் விற்றுக்கொண்டிருக்கிறேன். வால்வு கெட்டாலும் அப்படித்தான் வரும், அது உண்மை.

திருத்துறைப்பூண்டி
எனக்கும் அதேதான். கிளாண்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. எத்தனாவது நம்பரை இறுக்க வேண்டும்?

கும்பகோணம், பட்டறையில் வரைபடம் போட்டவர்
உங்கள் பம்பும் இதே பம்பும் ஒன்றா என்று தெரியாமல் நம்பர் சொல்ல மாட்டேன். பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கயிறு போட்ட பம்பில் சொட்டுவது நல்லதுதான், அந்த ஈரம்தான் கயிற்றைச் சூடேறாமல் வைக்கிறது. ஒழுகாத அளவுக்கு இறுக்கினால் ஸ்லீவில் பள்ளம் விழும். தாரையாக ஊற்றினால் மட்டும் இரண்டு நட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மயிலாடுதுறை
பத்து, பம்பை ஓட்டுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றும் புனல் தானே?

திருவாரூர், உதிரிபாகக் கடை
கிரீஸ் கப். பேரிங் மேலே அப்படித்தான் இருக்கும்.

மன்னார்குடி விவசாயி
கோடு காஸிங் மேலே போகிறதா பேரிங் மேலே போகிறதா என்று பார்த்தால், சரியாக அங்கேதான் தாள் மடிந்திருக்கிறது. 3, 5, 7 மூன்றையும் எழுதிவிட்டேன். இம்பெல்லர் வாய் பக்கம் இருந்த 8-ஐ அடித்தாயிற்று. பத்துக்கு எதிரே கேள்விக்குறியோடு மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன், பம்பைத் தூக்கி வெளியே வைத்ததும் பார்த்து எழுதச் சொல்லி.