சிலம்பம் வீடியோ: 25 ஃபிரேமுக்கு 1/50 போதுமா, 1/200 வேண்டுமா?

திடல்காரன்
சிலம்பப் போட்டி ஒன்றை எடுக்க வேண்டும். காலையில் திறந்த திடல், மாலையில் டியூப் லைட் போட்ட உள்ளரங்கம். 25 ஃபிரேமில் எடுக்கிறேன். ஷட்டரை 1/50 வைத்தால் கம்பு விசிறி மாதிரி தெரிகிறது. 1/500 வைத்தால் கம்பு கூர்மை, ஆனால் சுற்று வெட்டி வெட்டி ஓடுகிறது. நடுவில் எங்கே நிற்பது?

ஒளிமானி
கம்பு சுமார் ஐந்தரை அடி. நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குள் கம்பு 43 டிகிரி திரும்பிவிடும். 1/50-இல் அதில் பாதி, ஏறக்குறைய 22 டிகிரி, இழுபட்டுப் பதிவாகிறது. நுனியில் அது ஒரு அடிக்குச் சற்று மேல். மீதிப் பாதி பதிவாவதில்லை. பதிவான பாதியையும் பதிவாகாத பாதியையும் கண் ஒன்றாகக் கோத்துக்கொள்வதால் ஓட்டம் இயல்பாகத் தெரிகிறது.

1/500-இல் இரண்டு டிகிரிதான் பதிவு. 41 டிகிரி காணாமல் போகிறது. ஒரு சுற்றுக்கு எட்டுக் கம்புகளைத் தனித்தனியாக நட்டுவைத்தது போல ஆகிவிடுவதால்தான் வெட்டு தெரிகிறது.

என் கை 1/100-இல் நிற்கும். 11 டிகிரி, நுனியில் 16 செ.மீ. கம்பு கம்பாகத் தெரியும், தொடர்ச்சியும் அறுந்துபோகாது. ஆட்டக்காரரின் உடலையும் பாருங்கள். நொடிக்கு 2 மீட்டர் நகர்கிறார், 1920 பிக்சல் அகலப் படத்தில் 5 மீட்டர் திடல் அடங்குகிறது என்றால், 1/50-இல் அவர் 15 பிக்சல் மங்குவார், 1/100-இல் எட்டு. அடவு வைக்கும் காலும் முகமும் தெளிவாக இருக்க அது போதும்.

ரவுண்டுகட்டி
இதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு? கம்பு உறைஞ்சு நிக்கணும்னா 1/1000-க்குக் கீழ போகவே கூடாது. நான் கபடிக்கு 1/1250 வெச்சுத்தான் எடுக்கிறேன், வேர்வைத் துளிகூட தெரியும்.

திடல்காரன்
அண்ணே, நான் கேட்டது வீடியோவுக்கு. ஸ்டில்லுக்கு இல்லை.

வெட்டு ஒட்டு
ஃபிரேம் நேரத்தில் பாதி என்ற விதி பிலிம் கேமராவின் சுழலும் ஷட்டரோடு வந்தது. அரைவட்டத் தகடு சுழன்றதால் 180 டிகிரி. இன்று அந்தத் தகடும் இல்லை, அந்தக் கட்டாயமும் இல்லை. பார்க்கிறவர்கள் ஆறு அங்குல போன் திரையில் பார்க்கிறார்கள். 1/200-இல் எடுத்துவிட்டு மங்கலை எடிட்டில் சேர்த்துக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்பில் மோஷன் பிளர் இருக்கிறது. கூர்மையாக எடுத்ததை மங்கலாக்க முடியும். மங்கலாக எடுத்ததைக் கூர்மையாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

ஒளிமானி
கடைசி வரி சரி. விதி எங்கிருந்து வந்தது என்பதும் சரி. ஆனால் சிலம்பத்துக்கு அந்த வழி உதவாது. அந்த மங்கலை மென்பொருள் தானாக உண்டாக்குவதில்லை. இந்த ஃபிரேமில் இருந்த பொருள் அடுத்த ஃபிரேமில் எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தத் திசையில் இழுக்கிறது. நடந்து போகிற ஆளுக்கு இது அழகாக வரும். 43 டிகிரி தாவிய மெல்லிய கம்பை அதனால் பின்தொடர முடியாது. கம்பு முகத்துக்குக் குறுக்கே வரும் ஃபிரேம்களை நிறுத்திப் பாருங்கள். கம்புக்குப் பதிலாகக் கன்னமும் காதும் இழுபட்டிருக்கும், அல்லது கம்பு இரண்டு துண்டாக நிற்கும். இரண்டு பேர் கம்பு மோதும் தொடுமுறைப் போட்டியில் இன்னும் மோசம்.

உள்ளரங்கில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1/50-இலிருந்து 1/200-க்குப் போனால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும். 1600 ஐஎஸ்ஓ போதும் என்ற இடத்தில் 6400 வேண்டும்.

வெட்டு ஒட்டு
கம்பு குறுக்கே வரும் காட்சிக்கு மாஸ்க் போட்டு அந்த இடத்தில் மட்டும் மங்கலை நிறுத்தலாம். வேலைதான், முடியாததில்லை. கிம்பல் இல்லாமல் கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு என் வழிதான் வழி. 1/50-இல் கை நடுங்கினால் அந்த நடுக்கமும் மங்கலாகப் பதிவாகிறது. பிறகு மென்பொருளில் படத்தை நிலைப்படுத்தினால் சட்டகம் அசையாமல் நிற்கும், உள்ளே படம் மட்டும் நொடிக்கு நொடி மங்கி மங்கித் தெளியும். வேகமான ஷட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

ஒளிமானி
அதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் நிலைப்படுத்தப் போகிறோம் என்றால் வேகமான ஷட்டர்தான். ஆனால் திடல்காரன் முக்காலியில் வைத்து எடுத்தால் அந்தக் கவலையே இல்லை.

நேரலை
விளையாட்டு ஒளிபரப்பில் இருப்பவர்கள் இந்தச் சண்டையே போடுவதில்லை. நொடிக்கு 50 ஃபிரேம் எடுத்து, அதே 50-இல் வெளியிடுங்கள். கம்பு ஃபிரேமுக்கு 21.6 டிகிரிதான் தாவும். அப்போது 1/100 வைத்தாலும் ஓட்டம் மென்மையாக இருக்கும், 1/200 வைத்தாலும் வெட்டு அவ்வளவாக உறுத்தாது. வேகமான ஷட்டரே தப்பு என்பதில்லை. குறைந்த ஃபிரேமோடு அது சேரும்போதுதான் கண் கண்டுபிடிக்கிறது.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும், ஸ்லோ மோஷன் போட்டுக்கொள்ளலாம்" என்று 50 ஃபிரேம், 1/100-இல் எடுத்து, பிறகு 25 ஃபிரேம் டைம்லைனில் இயல்பு வேகத்தில் போடுவார்கள். மென்பொருள் ஒன்று விட்டு ஒன்று ஃபிரேமைத் தூக்கிவிடும். மிச்சம் இருப்பது 25 ஃபிரேம், 1/100. பாதி வேகத்தில் ஓட்டும் துண்டுகள் அழகாக இருக்கும், இயல்பு வேகத் துண்டுகள் சற்றுத் தடதடக்கும். ஒரே வீடியோவில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, உறுத்தல் மட்டும் தெரியும்.

திடல்காரன்
அப்படியென்றால் 50 ஃபிரேமில் 1/50 வைத்தால்?

நேரலை
25-க்குக் குறைத்ததும் சரியாகப் பாதி ஆகிவிடும், இயல்பு வேகம் நன்றாக வரும். ஆனால் ஸ்லோ மோஷனில் இடைவெளியே இல்லாமல் மங்கல் மங்கலாக ஒட்டிக்கொண்டு கம்பு குழைந்து தெரியும். எது அதிகம் வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஸ்லோ மோஷனுக்கென்று தனியாக 100 ஃபிரேம், 1/200-இல் சில சுற்றுகளை எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதைக் காலைத் திடலில் எடுங்கள், உள்ளரங்கில் வேண்டாம்.

மண்டப வீடியோ
ஏன் உள்ளரங்கில் வேண்டாம்? இங்கே கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைக்கிறார்கள். 1/50-இலும் கோடு கோடாக ஓடுகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

ஒளிமானி
இரண்டும் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது, ஒரு துடிப்பு 10 மில்லி செகண்ட். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அந்தப் பத்தின் மடங்காக இருந்தால் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும், கோடு வராது. 1/100, 1/50, 1/25 எல்லாம் அந்தக் கணக்கில் நிற்கும். 1/200-இல் அரைத் துடிப்பு மட்டுமே அகப்படும். சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் சில வரிகளுக்கு வெளிச்சமும் சில வரிகளுக்கு இருட்டும் கிடைத்துப் பட்டைகள் விழும். 25 ஃபிரேமில் அந்தப் பட்டை ஓடாமல் கிட்டத்தட்ட நின்றுகொண்டே மெல்ல நகரும். அதனால் சின்னத் திரையில் கவனிக்காமல் விட்டுவிடுவோம், வீட்டுக்கு வந்து பெரிய மானிட்டரில் போட்டதும்தான் தெரியும்.

கேமரா NTSC-இல் இருந்து 30 ஃபிரேம், 1/60 வைத்திருந்தால் இன்னொரு விதமான தொல்லை. ஃபிரேமுக்குள் மூன்றேகால் துடிப்புக்குச் சற்று மேல் வருவதால் பட்டை ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறி, படம் துடிக்கும். மெனுவில் PAL-க்கு மாற்றினால் 25, 50 வந்துவிடும். 30 ஃபிரேமேதான் வேண்டும் என்றால் 1/50 அல்லது 1/100 வையுங்கள், 1/60 வேண்டாம்.

எல்இடி சுவர் தன் சொந்த வேகத்தில் புதுப்பித்துக்கொள்கிறது, மின்சாரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. சில கேமராக்களில் ஷட்டரை 50.1, 50.2 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி உண்டு. கோடு நிற்கும் வரை அதை நகர்த்திப் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் சுவரை ஃபோகஸில் இருந்து தள்ளி வைப்பதுதான் வழி.

வெட்டு ஒட்டு
எல்லா அரங்கிலும் சோக் டியூப் இல்லை. புது எல்இடி பேனல் போட்ட இடத்தில் 1/200 ஒரு கோடும் விழாமல் வரும். 1/100-க்கு மேலே போகவே கூடாது என்று பயமுறுத்த வேண்டாம்.

ஒளிமானி
பயமுறுத்தவில்லை, சோதித்துவிட்டுப் போகச் சொல்கிறேன். போட்டி தொடங்கும் முன் வெள்ளைச் சுவர் ஒன்றை 1/1000-இல் பத்து நொடி எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டையே இல்லையென்றால் அந்த விளக்கின் டிரைவர் நல்லது, எந்த ஷட்டரும் வைக்கலாம். மங்கலாகவாவது பட்டை இருந்தால் 1/50, 1/100 இரண்டைத் தாண்டாதீர்கள். ஒரே ஒரு சுவரில் சோதித்தால் போதாது. மேடைக்கு மேல் ஒரு வகை விளக்கு, ஓரத்தில் இன்னொரு வகை என்று இருப்பது சாதாரணம்.

திடல்காரன்
காலை வெயிலில் வேறு சிக்கல். 1/100 வைத்தால் எஃப் 16-க்குப் போக வேண்டியிருக்கிறது. எனக்கு எஃப் 4 வேண்டும்.

நேரலை
ஐஎஸ்ஓ 100, முழு வெயில், 1/100 என்றால் எஃப் 16 வருவது சரியான கணக்குத்தான். எஃப் 4-க்கு நான்கு ஸ்டாப் குறைக்க வேண்டும், என்டி 16 ஃபில்டர் போதும். 1/50 வைப்பதானால் ஐந்து ஸ்டாப், என்டி 32. லாக் புரொஃபைலில் எடுத்தால் பல கேமராக்கள் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே விடாது. அப்போது இன்னும் மூன்று ஸ்டாப் சேருங்கள். சுழற்றிக் குறைக்கும் வகை ஃபில்டர் வாங்கினால் அதன் கடைசி எல்லை வரை திருகாதீர்கள். வைட் லென்ஸில் வானத்தில் கறுப்புக் குறுக்குக்கோடு விழும்.

வெட்டு ஒட்டு
போனில் எடுப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் அபர்ச்சரை மாற்ற முடியாது, வெயிலில் ஷட்டர் தானாக ஆயிரத்துக்கு மேல் ஓடிவிடும். அதைப் பூட்டிவிட்டு ஃபில்டர் மாட்டாமல் எடுத்தால் படம் வெளுத்துப்போகும்.

எனக்கு இன்னும் 25 ஃபிரேமில் 1/100 சிலம்பத்துக்குப் போதாது. நொடிக்கு மூன்று சுற்று என்பது தொடக்கநிலைப் பிள்ளைகளின் வேகம்.

ஒளிமானி
ஐந்து சுற்று என்றே வையுங்கள். 1/100-இல் 18 டிகிரி இழுபடும், உங்கள் 1/200-இல் ஒன்பது. ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் தாவல் 72 டிகிரி, அதை எந்த ஷட்டரும் குறைக்காது. கம்பு வேகமாக ஆக ஆக உங்கள் ஷட்டரில் வெட்டு இன்னும் கூடத்தான் செய்யும். அந்த வேகத்துக்கு நேரலை சொன்ன 50 ஃபிரேம்தான் மருந்து.

வெட்டு ஒட்டு
அந்த வேகத்தில் கம்பின் கட்டையும் பிடியும் தெரியாவிட்டால் நடுவர் சரிபார்க்க அந்த வீடியோ எதற்கு? அழகுக்கு எடுப்பது வேறு, ஆட்டத்தைப் பார்க்க எடுப்பது வேறு.

திடல்காரன்
எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டு கேமரா இருக்கிறது. திடலில் ஒன்றை 50 ஃபிரேம் 1/100, இன்னொன்றை 100 ஃபிரேம் 1/200 வைத்துப் பார்க்கிறேன். அரங்கத்துச் சுவர்ச் சோதனை முடிந்ததும் பட்டை இருந்ததா என்று இங்கே போடுகிறேன்.