சாண்ட்பாக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்: ஒத்திகையா, வெள்ளோட்டமா?

குடியாத்தத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கைலிக் கடைகளுக்காக நாம் எழுதிவரும் விற்பனை மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டணப் பகுதியில் இரண்டு வரிகள் இடிக்கின்றன.

அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் கடை சாண்ட்பாக்ஸில், அதாவது பணம் கைமாறாத சோதனையில் ஓடும், எடுத்துவிட்டால் நிஜப் பணத்தில் ஓடும். பழைய கோப்பில் யாரோ அதை ‘மணல்பெட்டி முறை’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தறிக்காரர் ஒருவரிடம் காட்டினேன். “பாலாத்துல மணல் அள்ளுறதுக்கா?” என்று கேட்டார். இரண்டாவது, அந்தச் சோதனையில் போடுகிற டெஸ்ட் கார்டு. அது ‘போலி அட்டை’ என்று இருக்கிறது. கடைக்காரர் கண்ணில் பட்டால் போலீஸ் விவகாரம் என்று பயந்துவிடுவார்.

நல்ல சொல் சொல்லுங்கள்.

ஆரணியிலிருந்து:

தேடுவானேன், ‘வெள்ளோட்டம்’ இருக்கிறதே. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் சாமி இல்லாமல் ஒரு முறை இழுத்துப் பார்ப்போம். இங்கேயும் பணம் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே வெள்ளோட்ட முறை, வெள்ளோட்ட அட்டை. முடிந்தது வேலை.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா சொன்னது அழகு. அட்டைக்கு மட்டும் எனக்கு வேறு யோசனை. டெஸ்ட் கார்டு என்பது ஒரு கணக்கில் பொருந்துகிற எண், அவ்வளவுதான். வலது ஓரத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு இலக்கத்தை இரட்டிக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். அப்படி எந்த எண்ணைத் தயாரித்தாலும் சாண்ட்பாக்ஸ் ஏற்றுக்கொள்ளும். அதனால் ‘பொருந்தெண்’ என்று சொல்லலாமா?

காட்பாடியிலிருந்து:

தம்பி, கணக்கு சரி, முடிவு தப்பு. 4242 4242 4242 4242 என்ற எண்ணை எடுத்துக்கொள். நான்கெல்லாம் இரட்டித்து எட்டாகும், இரண்டெல்லாம் அப்படியே நிற்கும். எட்டும் இரண்டும் பத்து, அப்படி எட்டு ஜோடி, மொத்தம் 80. பொருந்துகிறது. ஆனால் உன் பையில் இருக்கிற நிஜ அட்டையின் எண்ணும் இதே கணக்கில் பொருந்தும். அந்தக் கணக்கு இருப்பது ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கண்டுபிடிக்கத்தான். உன் நிஜ அட்டையை, கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் கேட்வேயான ஸ்ட்ரைப்பின் சோதனைப் பக்கத்தில் போட்டுப் பார், இந்தப் பதில் வரும்:

```
Your card was declined. Your request was in test mode, but used a non test card.
```

சாண்ட்பாக்ஸில் நடப்பது வேறு. கடைக்கு இரண்டு ஜோடிச் சாவிகள் தருவார்கள். ஸ்ட்ரைப் மாதிரியே இன்னொரு கேட்வேயான ரேசர்பேயில் ஒரு ஜோடியின் அடையாளச் சாவி `rzp_test_` என்று தொடங்கும், மற்ற ஜோடியினுடையது `rzp_live_` என்று தொடங்கும். சோதனைச் சாவியோடு போகிற கோரிக்கை எந்த வங்கிக்கும் போகாது. கேட்வேயே வங்கி மாதிரி பதில் சொல்லிவிடும். என்ன பதில் என்பதை அட்டை எண்தான் முடிவு செய்கிறது. ஸ்ட்ரைப்பில் மேலே சொன்ன 4242 போட்டால் பணம் வந்துவிட்டது என்று வரும். 4000 0000 0000 0002 போட்டால் வங்கி மறுத்துவிட்டது. 4000 0000 0000 9995 போட்டால் கணக்கில் பணம் போதவில்லை. காலாவதித் தேதி வருங்காலத்தில் எதுவாக இருந்தாலும் சரி, பின்பக்க மூன்று இலக்கமும் எதுவாக இருந்தாலும் சரி. ரேசர்பேயில் யுபிஐக்கும் இப்படி உண்டு: `success@razorpay`, `failure@razorpay`. முதலாவது எப்போதும் கட்டும், இரண்டாவது எப்போதும் தோற்கும்.

ஆக ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னமே எழுதி வைத்த ஒரு முடிவு இருக்கிறது. என் வாக்கு ‘ஒத்திகை முறை’, ‘ஒத்திகை அட்டை’.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வருகிற பிள்ளைகளில் நிறைய பேர் 4242 மட்டும் போட்டுப் பச்சை டிக் வந்ததும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். மறுக்கிற எண்ணைப் போட்டு, கூடை காலியாகாமல் இருக்கிறதா, ‘மீண்டும் முயல்க’ வருகிறதா என்று பார்த்தவர்கள் குறைவு.

ஆம்பூரிலிருந்து:

மன்னிக்கணும், ஒரு சந்தேகம். போன மாசம் ஒரு சைட்ல ஷூ சோல் ஆர்டர் போட்டேன். பேங்க்ல பணம் பிடிச்ச மெசேஜ் வந்துடுச்சு, அந்த சைட்ல ‘பணம் வரவில்லை’ன்னே நிக்குது. அவங்க சாண்ட்பாக்ஸ்ல விட்டுட்டாங்களா? அப்ப என் பணம் ஒத்திகையில போயிடுச்சா?

இன்னொண்ணு, அக்கா குடுத்த 4242 நம்பரை வெச்சு கடைல பொருள் வாங்க முடியாதுல்ல?

காட்பாடியிலிருந்து:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது அண்ணே. நிஜ முறையில் அந்த எண்ணைப் போட்டால் ‘தெரிந்த சோதனை அட்டை’ என்று சொல்லியே மறுத்துவிடுவார்கள்.

முதலாவது ஒத்திகையால் வந்ததே இல்லை. அதில் ஒரு பைசாகூட யாரிடமிருந்தும் போகாது. வங்கிச் செய்தி வந்திருந்தால் அது நிஜ முறைதான். உங்கள் கடையில் என்ன ஆனது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் அதே அறிகுறியோடு ஒரு கடையைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன், குடியாத்தம் தம்பிக்கும் உதவும்.

கைலி ஒன்று ₹450. ரேசர்பேயில் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும், அதனால் 45000 என்று அனுப்பினார்கள். சோதனையில் எல்லாம் சரி. அட்டை ஓடியது, கேட்வேயிலிருந்து `payment.captured` என்ற செய்தி கடையின் சர்வருக்கு வந்தது, ஆர்டர் ‘பணம் வந்தது’ என்று மாறியது. புழக்கத்துக்கு விடும் நாளில் இரண்டு சோதனைச் சாவிகளையும் எடுத்துவிட்டு நிஜச் சாவிகளைப் போட்டார்கள். அன்று மாலையே வாடிக்கையாளர்கள் கத்த ஆரம்பித்தார்கள். பணம் போய்விட்டது, ஆர்டர் அப்படியே நிற்கிறது.

கேட்வேயின் பக்கத்தில் பார்த்தால் பணம் வந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு பணத்தில் இல்லை, பணம் வந்த சேதி கடைக்கு வந்து சேரும் வழியில். அந்தச் சேதிக்குத்தான் வெப்ஹூக் என்று பெயர். அது போக வேண்டிய முகவரியையும், அது உண்மையா என்று சரிபார்க்கும் ரகசியச் சொல்லையும் சோதனைக்கும் நிஜத்துக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். இந்த வரி இருக்கிற இடத்தில்தான் கண் வைக்க வேண்டும்:

```
client.utility.verify_webhook_signature(body, signature, secret)
```

இதில் `secret` என்பது அந்த இரண்டு சாவிகளில் எதுவும் இல்லை. வெப்ஹூக்குக்கென்று நாமே வைக்கிற மூன்றாவது சொல். சர்வர் பதிவில் பார்த்தோம். கேட்வேயிலிருந்து செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன, நம் சர்வரே ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று ஒவ்வொன்றையும் 400 கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனையில் வைத்த சொல்லே அங்கே கிடந்தது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றால், பதிவில் 400 வரிசையாக நின்றால் ரகசியச் சொல் தப்பு. பதிவில் ஒன்றுமே இல்லையென்றால் நிஜப் பக்கத்தில் முகவரியே சேர்க்கவில்லை. இரண்டுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான், உள்ளே வைத்தியம் வேறு.

சொல்லை மாற்றியதும் தேங்கின செய்திகள் தானாக வந்தன. ரேசர்பே 24 மணி நேரம் வரை விட்டு விட்டு மறுபடி அனுப்பும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். `x-razorpay-event-id` என்ற தலைப்பில் வரும் எண்ணைக் குறித்து வைத்து, பார்த்ததையே மறுபடி பார்த்தால் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு காசுக்கு இரண்டு கைலி போகும்.

ஆம்பூர் அண்ணே, நீங்கள் வங்கிச் செய்தியில் இருக்கிற பரிவர்த்தனை எண்ணை அந்தக் கடைக்கு அனுப்புங்கள். அவர்கள் கேட்வே பக்கத்தில் அதைத் தேடினால் கிடைக்கும்.

ஆரணியிலிருந்து:

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. ஆனால் என் சொல்லை ஏன் தள்ளினீர்கள் என்று இதில் இல்லையே அம்மா?

காட்பாடியிலிருந்து:

ஐயா, தள்ளவில்லை, இடம் மாற்றுகிறேன். வெள்ளோட்டம் விடுவது நிஜத் தேரை, நிஜ வீதியில். சக்கரம் சிக்குமா, முனை திரும்புமா, மேலே கம்பி தட்டுமா என்று அப்போது தெரிந்துவிடும். சாண்ட்பாக்ஸில் வீதியே இல்லை. கைலிக் கடையில் சிக்கியது வீதி முனையில், அதை எத்தனை ஒத்திகை பார்த்திருந்தாலும் காட்டியிருக்காது.

ஓடிபியும் அப்படித்தான். சோதனையில் நெட்பேங்கிங் என்று போனால் ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று இரண்டு பொத்தான் உள்ள பொம்மைப் பக்கம் வரும். அட்டைக்கு ஓடிபி கேட்டாலும் நாமே ஏதோ ஓர் எண்ணைப் போடலாம், குறுஞ்செய்தி வராது. நிஜத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி தாமதமாகும். அதைப் பார்க்க வாடிக்கையாளர் செய்திப் பெட்டிக்குப் போய் வருவார், எண்ணைப் போட்டதும் சிக்னல் போய்ப் பழைய போன் கடைப் பக்கத்தைத் தொலைத்துவிடும். பணம் போயிருக்கும், ‘நன்றி’ பக்கம் வந்திருக்காது. வெப்ஹூக் சரியாக இருந்தால் மட்டும்தான் ஆர்டர் பிழைக்கும்.

அதனால் புழக்கத்துக்கு விட்டதும், வெளியே சொல்வதற்கு முன், சொந்த அட்டையில் ₹1 கட்டிப் பார்க்கச் சொல்வேன். ரேசர்பேயில் அதுதான் குறைந்தபட்சத் தொகை. ஆர்டர் மாறுகிறதா, வெப்ஹூக் பதிவில் ஏற்றுக்கொண்டதற்கான 200 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக்கொள்ளலாம். திரும்பி வரச் சில வேலை நாட்கள் ஆகும், பதறக்கூடாது. அந்த ₹1 ஓட்டத்துக்குத்தான் ‘வெள்ளோட்டம்’ என்ற பெயர் பொருந்தும். இதுவரை அதற்கு எந்த மொழியிலும் நல்ல பொத்தான் பெயரை நான் பார்க்கவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

பொருந்தெண்ணைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘ஒத்திகை’ என்றால் எங்கள் கல்லூரியில் ஆண்டு விழா ஞாபகம்தான் வரும். நிரல் எழுதுகிறவர்கள் யாரும் பேச்சில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ‘சாண்ட்பாக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அப்படியே தமிழ் எழுத்தில் விட்டால் என்ன?

குடியாத்தத்திலிருந்து:

பொத்தானைப் பார்க்கப்போவது நிரல் எழுதுகிறவர் இல்லை, தறிக்காரர். அவரிடமே மறுபடி போனேன். ‘ஒத்திகை முறை: பணம் பிடிக்கப்படாது’ என்று எழுதிக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டார். ‘வெள்ளோட்டம்’ என்றதும், “அப்ப ஒரு ரூபாய்க்கு ஒரு கைலி போட்டு வைக்கணுமா?” என்று கேட்டார். ஆமாம், வைக்கத்தான் வேண்டும். அந்த ₹1 பொருளை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்க நம் மென்பொருளில் இன்னும் வழியில்லை. அதை இந்த வாரம் சேர்க்கிறேன்.

நிரல் ஆவணத்தில் சாண்ட்பாக்ஸ் என்றே விடுகிறேன், திரையில் ஒத்திகை முறை, ஒத்திகை அட்டை. ‘போலி’ போய்விட்டது.

இன்னும் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒத்திகையை எடுத்தால் வருகிற மறுபக்கத்துக்குப் பழைய கோப்பில் ‘நேரலை முறை’ என்று இருக்கிறது. தொலைக்காட்சி மாதிரி இருக்கிறது. ‘நிஜ முறை’ போடட்டுமா, ‘புழக்க முறை’ போடட்டுமா?

ஆரணியிலிருந்து:

‘நிஜம்’ வேண்டாம், ‘மெய்ம்முறை’ என்று போடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா, அதைத் தறிக்காரரிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.