பிரெஞ்சுப் பழமொழியைப் பேச்சில் விடுவது எப்படி? நேரில் கேட்டதைப் பகிருங்கள்

லியோன் கிடங்கு
பிரெஞ்சுப் பழமொழிப் பட்டியல் இணையத்தில் எக்கச்சக்கமாகக் கிடக்கிறது, அர்த்தமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதை மனப்பாடம் பண்ணி முழுசாகப் பேச்சில் இறக்கினால் எதிரே இருப்பவர் ஒரு நொடி நின்று நம்மைப் பார்க்கிறார். அதனால் பட்டியல் வேண்டாம். யார், எங்கே, எந்தத் தொனியில் சொன்னார்கள் என்று நீங்கள் காதால் கேட்டதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

லியோன் பக்கம் சரக்குக் கிடங்கில் வேலை. ஒரு பெரிய ஒப்பந்தம் கிட்டத்தட்ட முடிந்த நிலை, கையெழுத்து மட்டும் பாக்கி. விற்பனைப் பிரிவில் இருக்கும் பையன் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு "சே தான் லா போஷ்" என்றான், பைக்குள் வந்த மாதிரிதான் என்று. பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆதான்... ஃபோ பா வாந்த்ர் லா போ த லூர்ஸ்..." என்று இழுத்து நிறுத்திவிட்டார். பையன் "ஜ சே, ஜ சே", தெரியும் தெரியும் என்றான். பேச்சு அடுத்து லாரி வரும் நேரத்துக்குப் போய்விட்டது.

கரடியைக் கொல்வதற்கு முன்னால் அதன் தோலை விற்காதே என்பதுதான் முழுப் பழமொழி. பெரியவர் கொல்வது வரைக்கும் போகவே இல்லை. புத்தகத்தில் முதலில் "இல் ந ஃபோ பா" என்று இருக்கும், அதில் "இல்" இல்லை, மறுப்பைக் காட்டும் "ந" இல்லை, வெறும் "ஃபோ பா" ஒரே மூச்சில். முன்னால் ஒரு "ஆதான்", கொஞ்சம் பொறு என்கிற மாதிரி. அது இல்லாவிட்டால் அதே வாக்கியம் புத்திமதி ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெண்ணிலா
ஏன் பாதியில் நிறுத்தினாலும் புரிகிறது என்றால், அது கவிஞர் லா ஃபோந்தேன் எழுதிய கதை. இங்கே பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே அவருடைய கதைப் பாட்டுகளை மனப்பாடம் செய்து வகுப்பில் நின்று ஒப்பிக்கிறார்கள். என் மகளும் ஒப்பித்தாள். அதனால் முதல் பாதியைக் கேட்டதுமே மீதி தானாக வந்துவிடும். நாம் மீதியையும் சொன்னால், உனக்கு இது தெரியாது, நான் சொல்லித்தருகிறேன் என்று ஆகிவிடுகிறது.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்
வெண்ணிலா சொல்வது பெரும்பாலும் சரி, ஒரு சின்னத் திருத்தம். கரடித் தோல் விஷயம் லா ஃபோந்தேனுக்கு முந்தியது. அவருடைய முதல் தொகுதி 1668-இல் வந்தது, ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கொமின் என்ற வரலாற்றாசிரியர் தன் நினைவுக்குறிப்புகளிலேயே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். லா ஃபோந்தேன் அதைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோனார் என்று சொல்லலாம்.

லியோன்காரர் கவனித்த "ந" விஷயத்தை மட்டும் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஃபோ பா", "சே பா" என்று தொடங்கும் சொலவடைகளில் பேச்சில் "ந" விழுந்துவிடும். "சே பா லா மேர் ஆ ப்வார்", அது ஒன்றும் கடலைக் குடிக்கிற வேலை இல்லையே, என்பதில் "ந" போட்டுச் சொன்னால் கடிதம் படிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எதுகையோடு அமைந்தவை வேறு. "ஆன் நாவ்ரில், ந த தேகூவ்ர் பா தன் ஃபில்", ஏப்ரலில் ஒரு நூல்கூடக் கழற்றாதே என்பது. அதில் "ந" அப்படியே இருக்கும், எடுத்தால் தாளம் கெட்டுவிடும். "பியேர் கி ரூல் நாமாஸ் பா மூஸ்", உருளும் கல்லில் பாசி சேராது, இதில் கல்லுக்கு முன்னால் "லா" என்று ஒரு சொல்லை இலக்கண ஒழுங்குக்காகச் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பழைய பிரெஞ்சு, அப்படியே விட்டுவிட வேண்டும்.

பரிஸ் குசினி
நான் பரிசில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்கிறேன். பழமொழி என்று யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாயில் வருகிறது, அவ்வளவுதான். காலையில் ஒரு கோப்பை உடைந்தது, மத்தியானம் இன்னொன்று. உடனே பாத்திரம் கழுவுகிற பெடியனிலிருந்து ஷெஃப் வரைக்கும் "ஜாமே த சான் த்ருவா" என்கிறார்கள், இரண்டு நடந்தால் மூன்றாவதும் நடக்கும் என்று. பின்னேரம் மூன்றாவது விழுந்தபோது யாரும் பழமொழியைத் திருப்பிச் சொல்லவில்லை, "வ்வாலா" என்று மட்டும் சத்தம் வந்தது. இரண்டாவது உடைந்த உடனே சொன்னால்தான் அதற்கு உயிர். அரை மணித்தியாலம் கழித்துச் சொன்னால் என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள்.

இன்னொன்று, வேலையாட்கள் சேர்ந்து சாப்பிடும்போது ஒருவர் தண்ணீர் எடுக்க எழும்பினால் அவருடைய கதிரையில் மற்றவர் இருந்துகொண்டு "கி வா ஆ லா ஷாஸ் பேர் சா ப்ளாஸ்" என்பார், வேட்டைக்குப் போனவன் இடத்தை இழந்தான் என்று. இதை முழுசாகத்தான் சொல்கிறார்கள், எதுகை இருப்பதால் போல. என் மகன் பள்ளியில் பழகியதோ என்னவோ, வீட்டில் நான் அவன் இடத்தில் இருந்து இதைச் சொன்னால், திரும்பி வந்தவன் அங்கே நாயைக் கண்டான் என்று பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு என்னை எழுப்புகிறான்.

டெல்ஃப் பரீட்சை
எனக்கு அடுத்த மாதம் டெல்ஃப் B2 பிரெஞ்சுப் பரீட்சையின் வாய்மொழித் தேர்வு. அரை மணி நேரம் தயாரிக்கவும் 20 நிமிடம் பேசவும் தருவார்கள். ஆரம்பத்தில் ஒரு பழமொழி சொன்னால் மார்க் கூடுமா? நல்லதாக ஒரு பத்து பழமொழி யாராவது தரமுடியுமா?

லியோன் கிடங்கு
நண்பா, இங்கே பேசுவது அது இல்லை. பட்டியல் வேண்டாம் என்றுதான் தொடங்கினேன்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்
பரவாயில்லை, கேட்டுவிட்டார். தம்பி, பழமொழிக்கென்று தனி மார்க் கிடையாது. அந்தத் தேர்வில் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து உன் கருத்தைச் சொல்லி, தேர்வாளர் எதிர்க்கேள்வி கேட்டால் அதற்கு ஈடு கொடுக்கச் சொல்வார்கள். மனப்பாடப் பழமொழியோடு தொடங்கினால் உன் குரல் அங்கே ஒரு மாதிரியும் அதற்குப் பிறகு வேறு மாதிரியும் இருக்கும், அது உடனே தெரிந்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்கிற பகுதியில் போடு. தேர்வாளர் "இதெல்லாம் ரொம்பக் கஷ்டம் இல்லையா" என்கிற மாதிரி கேட்டால், "வி, மே சே பா லா மேர் ஆ ப்வார்" என்று சொல்லிவிட்டு உடனே உன் காரணத்துக்குப் போ. சொல்லிவிட்டு நிறுத்திப் பாராட்டுக்குக் காத்திருக்காதே.

மாறன்
எனக்கு இதெல்லாம் தேவையில்லை என்று படுகிறது. கல்லூரியில் என்னோடு படிக்கும் பிரெஞ்சுப் பசங்க யாரும் பழமொழி பேசுவதே இல்லை. எல்லாம் பாட்டி காலத்து விஷயம். சொல்லின் அசைகளைத் திருப்பிப் போட்டுப் பேசும் வெர்லான் கற்றுக்கொண்டால் போதும்.

வெண்ணிலா
பாதி சரி, மாறன். "ஆடையால் ஒருவன் துறவி ஆகிவிடமாட்டான்" மாதிரி நீதி சொல்கிற வகையை இளைஞர்கள் வாயில் நானும் அதிகம் கேட்டதில்லை. ஆனால் ட்ரெய்ன் ரத்தானால் "ஓன் நே பா சொர்த்தி த லோபேர்ஜ்" என்று அவர்களும்தான் சொல்கிறார்கள். சத்திரத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை, அதாவது தொல்லை இப்போதைக்கு முடியாது என்று. அது பழமொழி மாதிரிக் காதில் விழாததால் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஒரு நாள் அவர்கள் பேச்சை உன்னிப்பாகக் கேளுங்கள்.

முதியோர் இல்லத்து அக்கா
நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். இங்கே நிலைமை தலைகீழ். பாதியில் நிறுத்துவது நம் வேலை இல்லை, அவர்கள் நிறுத்துவார்கள், நாம் முடிக்க வேண்டும். ஏப்ரலில் வெயில் அடித்தது என்று நான் ஸ்வெட்டர் இல்லாமல் அறைக்குள் போனால் ஒரு அம்மா விரலை ஆட்டி மேலே சொன்ன ஏப்ரல் வரியைச் சொல்வார். நான் "ஆன் மே, ஃபே ஸ கில் த ப்ளே" என்பேன், மே மாதம் உன் இஷ்டம் போல இரு என்று. அவர் முகம் மலர்ந்துவிடும். டிசம்பரில் இதமான வெயில் வந்தால் கிறிஸ்துமஸ் பால்கனியில் என்றால் ஈஸ்டர் கணப்படுப்பில் என்று தொடங்குவார்கள். மே 11, 12, 13 வந்தால் பனிப் புனிதர்கள் போகட்டும், அதுவரைக்கும் தக்காளி நடாதே என்பார்கள். வயதானவர்களோடு பேசப் பழகுகிறவர்கள் முதலில் வானிலைப் பழமொழிகளைப் படியுங்கள். அதில் யார் மனதும் நோகாது.

நோகிற வகையும் உண்டு. எங்கள் இல்லத்தில் ஒருவருடைய நாய் இறந்துபோயிற்று, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஆறுதலாக "அன் த பெர்து, தி த ரத்ரூவே" என்று சொல்லிவிட்டாள், ஒன்று போனால் பத்து கிடைக்கும் என்று. அது காதல் முறிந்தவர்களிடம், அதுவும் நெருங்கிய சிநேகிதர்கள் மட்டும் சொல்வது. அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அன்றைக்குச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அவள் படித்த பட்டியலில் அர்த்தம் சரியாகத்தான் போட்டிருந்தது. யாரிடம் சொல்லக்கூடாது என்று போடவில்லை. சாவு வீட்டில் எந்தப் பழமொழியும் வேண்டாம் என்பது என் கட்சி. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

பரிஸ் குசினி
அக்கா சொன்னது சரி. நான் ஒன்று கவனித்திருக்கிறேன். நாங்கள் சொல்லி முடித்ததும் வெள்ளைக்காரர் "ஓ, நல்ல பிரெஞ்சு கதைக்கிறீர்களே" என்று பாராட்டினால் அது சரியாக விழவில்லை என்று அர்த்தம். சரியாக விழுந்தால் பாராட்டே வராது, கதை தன்பாட்டில் போகும்.

வெண்ணிலா
சந்தேகமாக இருக்கும்போது முன்னால் "கொம் ஓன் தி" போடுங்கள், சொல்வார்களே அந்த மாதிரி என்று. இது என் சொந்த வாக்கியம் இல்லை என்று தெரிந்துவிடுவதால் கொஞ்சம் தடுக்கினாலும் உறுத்தாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் போட்டால் அதுவே செயற்கையாகிவிடும்.

மாறன்
சரி, இன்றைக்குக் கேண்டீனில் கேட்டேன். ஒருத்தனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவனே வந்துவிட்டான், உடனே இன்னொருத்தன் "கான்தோன் பார்ல் ட்யூ லூ!" என்றான். ஓநாயைப் பற்றிப் பேசினால் அதன் வால் தெரியும் என்பதில் முதல் பாதி மட்டும். வந்தவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நம் ஊரில் உனக்கு நூறு ஆயுசு என்று வாழ்த்துவோம், இவர்கள் ஓநாய் என்கிறார்கள். இதை எங்கள் பேராசிரியர் உள்ளே வரும்போது சொல்லலாமா?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்
சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர் "ந" விழுந்த பிரெஞ்சில் உங்களோடு பேசுகிறவராக இருந்தால். முகத்துக்கு நேரே சொல்கிற வார்த்தைதான் அது, வசவு இல்லை.

முதியோர் இல்லத்து அக்கா
எங்கள் மேலாளரிடம் நான் சொல்லமாட்டேன். நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறார்களே, "வூ" போட்டுப் பேசுகிற ஆளிடம் ஓநாய் வேண்டாம்.

லியோன் கிடங்கு
எங்கள் கிடங்கில் மேலாளர் வரும்போது எல்லோரும் சொல்கிறார்கள், "வூ" போட்டுப் பேசுகிறவர்களும்தான். ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும் போல. மார்செய், லீல் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.