புதுப்பிப்பு: கவுனி முறுக்கு, இரண்டு வாரக் கணக்கு

நான் கேட்டது: "கருப்புக் கவுனி முறுக்கை 12 கடைகளில் புதிதாக இறக்குகிறோம். பழைய விற்பனை எதுவும் இல்லை. 3 மாதத்துக்கு எவ்வளவு அரிசி வாங்குவது?"

முந்தைய சரக்குகளின் சராசரியை எடுக்கச் சொன்னார் ஒரு நண்பர். பாதி சரி. சீடையும் அதில் சேர்ந்தால் கணக்கு கெடும். அது பண்டிகைக்குத்தான் போகும். விலையிலும் வாங்குபவரிலும் ஒத்த ராகி முறுக்கையும் கம்பு முறுக்கையும் மட்டும் எடுத்தேன். இரண்டிலும் முதல் 2 வார விற்பனை, 12 வார மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம்.

கடைக்கு அனுப்பியதை விற்பனையாக எண்ணாதீர்கள் என்று விநியோகத்தில் பழுத்த அண்ணன் ஒருவர் எச்சரித்தார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. அனுப்பியது 900 பாக்கெட். பில்லில் விற்றது 480. இரண்டு கடைகளில் தலா 40 பாக்கெட் ஏழாம் நாளே தீர்ந்து, அடுத்த வாரம் அலமாரி காலியாகக் கிடந்தது. அந்த வாரத்துக்கு 80 சேர்த்தால் 560. அப்படியானால் 12 வாரத்துக்கு 2,240 முதல் 2,800 வரை. முதல் வார வேகம் நீடிக்காது என்பதால் 80 கொஞ்சம் அதிகம்தான். ஆகவே 2,240-க்கு மட்டும் அரிசி வாங்கினேன்.

தன் சோப்பு மூன்றாம் வாரத்தில் படுத்துவிட்டதாக எழுதிய அக்காவுக்கு: சோப்பு தீரவே ஒரு மாதமாகும், மறுபடி வாங்க வருவதை அங்கே இன்னும் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பத்தாம் வாரத்தில் தீபாவளி. ராகிக்கும் கம்புக்கும் அந்த 12 வாரத்தில் பண்டிகை வரவில்லை. அதற்கு எவ்வளவு கூட்டுவது?